மாற்றிக் கொடுப்பது தயவன்று

கேட்ட பொருளுக்குப் பதிலாக வேறொன்று வந்து சேர்ந்துவிட்டால் அதை மாற்றிக் கொடுப்பது வியாபாரியின் பெருந்தன்மை என்றும், அவர் மாற்றிக் கொடுக்க இசைந்த பின்பும் தவறாக வந்ததைக் கடைவரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வாங்கியவரின் பொறுப்பு என்றும், நடந்த பிசகுக்காக எழுத்தில் வருத்தம் தெரிவிப்பது வழக்கைத் தானே வலிய அழைத்துக்கொள்ளும் அவிவேகம் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் கடைவீதிகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. ரசீதின் அடியில் ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டு, அந்த ஒரு வரியையே சாஸனமாகக் கொண்டு விவகாரத்தை முடித்துக்கொள்ளும் வழக்கமும் இதனோடு பிறந்ததுதான். இந்த அபிப்பிராயம் வியாபாரிகளிடத்தில் மட்டும் இருந்தால் அதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிடலாம். ஏமாந்தவர்களும் இதையே நம்பி, மாற்றித் தந்த கடைக்காரரைத் தர்மவான் என்று வாழ்த்திவிட்டு, மூட்டையைத் தம் செலவிலேயே சுமந்து சென்று ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள் என்பதனால்தான் இதைச் சற்று விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

சட்டையின் அளவு மாறி வருவதும், கைப்பேசியின் நிறம் மாறி வருவதும் அன்றாடம் நடப்பவை. அவற்றில் நேரும் நஷ்டம் பெரும்பாலும் எரிச்சலோடு முடிந்துவிடும். இந்த அபிப்பிராயத்தின் பொய்ம்மை முழுவதும் வெளிப்பட வேண்டுமானால், தவறான ரகம் வந்து சேர்ந்தால் ஒரு வருஷத்துப் பிழைப்பே புரண்டுவிடக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய பொருள் விதை நெல். இடம் குடுமியான்மலையாக இருக்கட்டும். குன்றின் பாறையில் பொறித்த பழைய இசைக் கல்வெட்டுக்காக இவ்வூரைச் சங்கீத ரசிகர்கள் அறிவார்கள். புதுக்கோட்டைச் சீமையின் உழவர்களோ இதை அண்ணா பண்ணை இருக்கும் ஊராகவும், வேளாண்மை விரிவாக்க அலுவலர்கள் பயிற்சிக்கு வந்துபோகும் ஊராகவும், இப்போது வேளாண்மைக் கல்லூரி உள்ள ஊராகவும் அறிவார்கள். விதையைப் பற்றிய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஒரு நிகழ்ச்சியைக் கற்பித்துக்கொள்வோம். இந்த ஊரில் ஒன்றேகால் ஏக்கர் கண்மாய்ப் பாசன நிலமுள்ள ஒருவர், மழை தாமதித்து வந்தபடியால், குறுகிய கால ரகமான கோ 51 விதை நெல்லில் 30 கிலோ மூட்டை ஒன்று வேண்டுமென்று வெளியூர் விதைக் கடை ஒன்றுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பணமும் அனுப்பிவிடுகிறார். குறுகிய கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்பது பரிந்துரை. ஆகவே அந்த ஒரு மூட்டை அரை ஹெக்டேருக்கு, அதாவது அவருடைய ஒன்றேகால் ஏக்கருக்கு, கணக்காகப் போதும். பார்சல் லாரி கொண்டுவந்து போட்ட மூட்டையில் தைத்திருக்கும் நீல நிறச் சான்று அட்டையைப் பார்த்தால் அதில் கோ 52 என்று இருக்கிறது. இரண்டும் கோயம்புத்தூரில் உருவான ரகங்கள். எழுத்தில் பார்த்தால் ஓர் எண்தான் வித்தியாசம். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, இது ஐம்பத்தொன்று, இது ஐம்பத்திரண்டு என்று எளிதில் சொல்லிவிடவும் முடியாது.

ஆனால் வயலில் அந்த ஓர் எண்ணின் மதிப்பு ஏறத்தாழ இருபத்தைந்து நாள். கோ 51 விதைத்ததிலிருந்து 105 முதல் 110 நாட்களில் அறுவடைக்கு வருவது; கோ 52 அதற்கு 130 முதல் 135 நாட்கள் எடுத்துக்கொள்வது. நவம்பர் முதல் வாரத்தில் விதைப்பதாக வைத்துக்கொண்டால், முதல் ரகம் ஜனவரியின் நடுவிலே பூத்து, பிப்ரவரி பிற்பகுதியில் அரிவாளுக்கு வந்துவிடும். இரண்டாவது ரகமோ பிப்ரவரியில்தான் பூக்கத் தொடங்கும், மார்ச் நடுவில்தான் முற்றும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு அடங்கிவிட, கண்மாயில் தேங்கியதைக் கொண்டே கரையேற வேண்டிய ஊர்களில், கதிர் பால் பிடிக்கிற வேளையில் மடை வறண்டுபோனால் மணி பதராகும். கால்வாய்ப் பாசனக்காரருக்கு இருபத்தைந்து நாள் என்பது ஒரு நீர்முறை கூடுதல் என்ற அளவில் முடியலாம். கண்மாய்க்காரருக்கு அது விளைச்சலுக்கும் வைக்கோலுக்கும் இடையிலுள்ள தூரம். ‘எல்லாம் நல்ல ரகந்தான், இதையே போட்டுக்கொள்ளுங்கள், இது இன்னும் கூடுதலாக விளையும்’ என்று கடைக்காரர் சமாதானம் சொல்லும்போது, அவர் ரகத்தைப் பற்றி உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நிலத்தைப் பற்றியும் அந்தக் கண்மாயைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, மாற்றிக் கொடுப்பது தயவா கடமையா என்ற கேள்விக்கு வருவோம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் அமலில் உள்ளது. விவரம் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்பது விற்பனையோடு கூடவே பிறக்கும் நிபந்தனை என்று அதன் 15-ஆம் பிரிவு வைக்கிறது. ஒருவர் வாயைத் திறந்து கேளாவிட்டாலும் அந்த நிபந்தனை உண்டு. கோ 51 என்று விவரம் சொல்லி, கோ 52-ஐ அனுப்பியவர், குறையுள்ள பொருளை அனுப்பியவர்கூட அல்லர். ஒப்பந்தப் பொருளை அவர் அனுப்பவே இல்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளை இன்னும் தராதவர், அதைத் தருவதற்குத் தயவு என்று பெயர் சூட்டிக்கொள்வது, வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறவர் அதைத் தானக் கணக்கில் எழுதிக்கொள்வதற்கு நிகரானது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ ஒரு படி மேலே செல்கிறது. குறையுள்ள சரக்கை, ரசீதில் குறித்த கெடுவுக்குள்ளும், அப்படி எதுவும் குறிக்காத இடத்தில் முப்பது நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே அது வகைப்படுத்துகிறது. இணையவழி விற்பனைக்கென்று 2020-இல் வந்த விதிகள், சொன்ன தன்மைக்கு மாறான பொருளைத் திரும்ப ஏற்க எந்த விற்பனையாளரும் மறுக்கலாகாது என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. இத்தனைக்கும் எதிரே நிற்க ரசீதின் அடிவரி ஒன்றுக்குச் சக்தி எங்கிருந்து வரும்? அந்த வரியை அச்சிடுபவர் மனம் மாறி வருகிறவர்களைத் தடுப்பதற்காக அச்சிடுகிறார் என்றால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. வாங்கிய பிறகு அண்டை வீட்டார் வேறு ரகம் போட்டதைப் பார்த்து மாற்றிக் கேட்பவருக்கும், கேட்டதே வராதவருக்கும் ஒரே பதிலைச் சொல்வதில்தான் அநியாயம் இருக்கிறது.

மூட்டையைத் திரும்பக் கொண்டுபோவது யார் பொறுப்பு என்ற இரண்டாவது விஷயம் இதைவிடச் சுவையானது. ஏனெனில் இங்கே சட்டத்தின் வாசகமும் ஜனங்களின் நம்பிக்கையும் நேர் எதிராக நிற்கின்றன. அதே 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, சரக்கை மறுக்கும் உரிமையுள்ளவர் மறுத்துவிட்டால், வேறு விதமாக ஏற்பாடு இல்லாத பட்சத்தில், அதை விற்றவரிடம் திருப்பிச் சேர்க்க அவர் கட்டுப்பட்டவரல்லர் என்றும், ‘நான் இதை ஏற்கவில்லை’ என்று தெரிவித்துவிட்டாலே போதுமானது என்றும் சொல்கிறது. சுமார் தொண்ணூற்றைந்து வருஷங்களாக இந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்தப் பிரிவைப் பற்றி நம் கடைவீதி கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. அந்தப் பிரிவை இயற்றியவர்கள் ஏதோ வாங்குகிறவர்களிடம் கொண்ட பட்சபாதத்தால் அப்படிச் செய்யவில்லை. தவறான மூட்டை இன்னமும் விற்றவரின் சொத்து. தன் சொத்தைத் தன் செலவில் எடுத்துச் செல்வதே உலக நியாயம் என்ற எளிய தர்க்கத்தில்தான் அது நிற்கிறது.

நடைமுறையில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் குடுமியான்மலையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். புதுக்கோட்டை இங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். முப்பது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிப் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, லக்கேஜுக்குத் தனியாகக் காசு கொடுத்து, நகரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பார்சல் ஆபீசுக்குப் போய், அங்கே வாடகை கட்டி, ரசீது வாங்கித் திரும்புவதற்குள் ஒருநாள் போய்விடும். அதுவும் நாற்றங்காலுக்கு நிலத்தைச் சேறடித்து வைத்திருக்கிற நாள். கடைக்காரர் வருந்தி, பெரிய மனது பண்ணி, ‘நீங்கள் அனுப்பி வையுங்கள், வந்ததும் மாற்றி அனுப்புகிறேன்’ என்று சொன்னால், இந்தச் செலவு முழுவதும் தவறு செய்யாதவர் தலையில் விழுவதோடு, கெட்ட மூட்டை போய்ச் சேர்ந்த பிறகே நல்ல மூட்டை கிளம்பும் என்பதால் இரண்டு பயணத்துக்கான நாட்களும் வரிசையாகச் சேர்ந்துகொள்கின்றன. போவதற்கு மூன்று நாள், பிரித்துப் பார்க்க ஒரு நாள், வருவதற்கு மூன்று நாள் என்று வைத்தால் விதைப்புக்கு வைத்த வாரம் கைவிட்டுப் போயிற்று. நேரம் போவது தெரியாமலே நேரத்தைப் பறிக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் பலரும் தாராளமான ஏற்பாடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சரியான முறை எது என்றால், புது மூட்டையைக் கொண்டுவரும் வண்டியே பழைய மூட்டையை ஏற்றிச் செல்வதுதான். வண்டி ஒரு தடவைதான் வருகிறது; உழவருடைய வாசலில் இரண்டு மூட்டைகளும் பக்கத்தில் வைக்கப்படுகின்றன; வந்த மூட்டையின் அட்டையில் கோ 51 என்றிருக்கிறதா, குவியல் எண் ரசீதோடு ஒத்திருக்கிறதா, காலாவதி நாள் இன்னும் கடக்கவில்லையா என்று அவர் பார்த்துக்கொள்கிறார்; ஏற்றிச் செல்லும் மூட்டையின் குவியல் எண்ணைக் குறித்து ஓட்டுநர் கையெழுத்திட்ட சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பார்சல் நிறுவனத்தின் லாரி நகரத்தோடு நின்றுவிடுமானால், அங்கிருந்து ஊர்வரையில் ஒரு குட்டியானை வண்டியை அமர்த்துவது விற்றவரின் செலவு. அந்தச் சீட்டை அற்பமாக எண்ணக் கூடாது. பிறகு ஒருநாள் ‘உம்மிடம் இரண்டு மூட்டை இருக்கிறதே’ என்ற பேச்சு எழுந்தால், அந்தச் சீட்டைத் தவிர அவருக்கு வேறு சாட்சியம் கிடையாது. வண்டி வரும்வரையில் மூட்டையைச் சும்மா விட்டுவிடவும் கூடாது. தரையில் படாமல் கட்டையின் மேல் ஏற்றி, ஈரமும் உர மூட்டையும் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். சான்று விதை நெல்லில் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது தர நிர்ணயம். திரும்ப எடுத்துச் செல்லும் மூட்டை வேறொருவருக்கு விதையாகப் போக வேண்டியது என்ற நினைவு அவருக்கும் இருக்க வேண்டும். பிறர் பொருள் தன் வசம் இருக்கும்போது சாதாரணமான ஜாக்கிரதையோடு வைத்திருப்பது அவர் கடமை. அதைச் சுமந்து திரிவது கடமையாகாது.

மூன்றாவது, மன்னிப்பைப் பற்றியது. ‘எழுத்தில் ஒன்றும் வைக்காதே, வருத்தம் என்று எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்’ என்று கடைக்காரருக்கு அவருடைய நண்பர்கள் போதிக்கிறார்கள். சில வக்கீல்களும் இதையே சொல்லக் கேட்டதுண்டு. ஆனால் அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொள்வதற்கு மறைந்து கிடப்பது என்ன? கோ 51 என்று ரசீது இருக்கிறது. கோ 52 என்று அட்டை இருக்கிறது. இரண்டிலும் எண்கள் இருக்கின்றன. விதை விற்கிறவர் ரசீது கொடுத்தாக வேண்டும், இருப்புக் கணக்கு வைத்தாக வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையே விதித்திருக்கிறது. இத்தனை காகிதமும் ஒரே குரலில் பேசுகிறபோது, கடைக்காரர் மௌனமாக இருப்பதால் உண்மை ஒன்றும் மறைந்துவிடாது. ஒப்புதல் என்பது முடிந்த முடிபான சான்று அன்று என்பதும் சாட்சியச் சட்டத்தில் உள்ளதுதான். அவர் எழுதுவதனால் அவருக்கு விளையும் தீமை சொற்பம். எழுதாததனால் உழவருக்கு விளையும் தீமையோ, வாரக்கணக்கில் இழுத்தடிப்பு. மேலும், விதை வாங்கும் உழவர் நுகர்வோர் அல்லர் என்று வாதாடிப் பார்த்த காலமும் போய்விட்டது. தேசிய விதைக் கழகத்துக்கும் மதுசூதன் ரெட்டிக்கும் இடையிலான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், விதையால் பாதிக்கப்பட்ட உழவர் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்று தீர்த்துவிட்டது. எல்லா விதையையும் விதைத்துவிடும் உழவர் சோதனைக்கென்று மாதிரி எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது என்று அப்போதே கண்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது புதுக்கோட்டையிலேயே, புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்குமான விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. வெளியூர்க் கடைக்காரர்தான் இங்கே வந்து போக வேண்டியவராவார்.

ஆனால் மன்னிப்பை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அதைப் பிசகாகவே எழுதுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறோம், தங்கள் ஆதரவை என்றும் நாடுகிறோம்’ என்று நாலு வரி வந்துவிட்டால் முறை நிறைவேறிவிட்டதென்று நினைக்கிறார்கள். விதை விஷயத்தில் மன்னிப்பின் முதல் வாக்கியமாக இருக்க வேண்டியது வருத்தமே அன்று. ‘விதையை ஊறப் போட வேண்டாம்’ என்பதுதான். நெல்லை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சாக்கில் மூடிக் கட்டி முளைகட்டுவது வழக்கம். ஊறிப்போன விதையை யாரும் திரும்ப எடுக்க முடியாது, மாற்றிக் கொடுப்பதென்ற பேச்சே அந்தத் தொட்டியில் முடிந்துவிடும். ஆகவே அந்த வாக்கியத்தைத் தபாலுக்கோ குறுஞ்செய்திக்கோ காத்திராமல் தொலைபேசியில் நேரே சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் அனுப்ப வேண்டும். நல்ல கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘ஐயா, தாங்கள் கோ 51 விதை நெல் 30 கிலோ கேட்டிருந்தீர்கள், எங்கள் கடையின் பிசகினால் கோ 52 மூட்டை அனுப்பப்பட்டது. அம்மூட்டையைப் பிரிக்கவோ ஊறவைக்கவோ வேண்டாம். கோ 51 மூட்டை இன்று கிளம்புகிறது. வியாழக்கிழமைக்குள் தங்கள் வீட்டு வாசலிலேயே இறக்கப்படும். அதே வண்டியில் பழைய மூட்டையை எங்கள் செலவில் எடுத்துக்கொண்டு சீட்டுத் தருவார்கள். தாங்கள் எங்கும் வர வேண்டியதில்லை, எதுவும் கட்ட வேண்டியதில்லை. அன்று வராவிட்டால் பணம் முழுவதையும் மறுநாளே திருப்பி அனுப்புகிறோம். தாங்கள் வேறிடத்தில் வாங்கிக்கொள்ளலாம். இந்தத் தவறுக்கு வருந்துகிறோம்.’

வருத்தம் கடைசியில் வந்திருப்பதைக் கவனிக்கலாம். அதற்கு முந்தைய வாக்கியங்கள் அனைத்தும் உழவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவுகின்றன. வியாழக்கிழமை என்று நாள் குறித்தும், அந்த நாள் தவறினால் என்ன என்பதையும் சொன்னதனால்தான் அது மன்னிப்பாகிறது. ‘விரைவில்’ என்று எழுதியிருந்தால் அவர் நாற்றங்காலைக் காய விடுவதா, வேறு கடைக்கு ஓடுவதா என்று தெரியாமல் தவித்திருப்பார். இணையவழி விதிகளிலோ புகாரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கெடு இருக்கிறது. சட்டைக்கும் செருப்புக்கும் ஒரு மாதம் பொறுக்கலாம். விதைக்கு அந்தக் கெடு பிரயோஜனமில்லை. ஆகவே சட்டம் தந்த கெடுவைக் காட்டி நாளைக் கடத்துகிறவர் சட்டத்தைக் காத்தவராவாரே தவிர விதைப்பைக் காத்தவராகார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு எதிர்வாதம் செய்கிறவர்கள், ‘அப்படியானால் பொய் சொல்லி மாற்றிக்கொள்கிறவர்கள் பெருகிவிடுவார்களே, நல்ல மூட்டையை வைத்துக்கொண்டு மட்டமானதைத் திருப்புவார்களே’ என்கிறார்கள். வெறும் கற்பனையான பயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. துணிக்கடைக்காரர்களும் சாமான் விற்கிறவர்களும் இதனால் பட்டிருக்கிறார்கள். ஆனால் சான்று விதையில் இதற்கு இடம் மிகக் குறைவு. மூட்டையின் வாய் தைக்கப்பட்டு, சான்று அட்டை அந்தத் தையலோடு சேர்ந்து முத்திரையிடப்பட்டிருக்கிறது. குவியல் எண் கடையின் இருப்புக் கணக்கிலும் ரசீதிலும் இருக்கிறது. தையல் பிரியாத மூட்டையின் அட்டையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். தையல் பிரிந்திருந்தால் அதைச் சான்று விதையாக மறுபடியும் விற்க முடியாது. பூஞ்சாண மருந்து கலந்த விதையாக இருந்தால் அரிசிக்கும் ஆகாது. அங்கே கடைக்காரருக்கு நஷ்டம் உண்டு. பிரித்துப் பார்த்தபின் பிசகைக் கண்டவர் மேல் அந்த நஷ்டத்தைச் சுமத்தலாமா என்று கேட்டால், பார்த்து அறிய நியாயமான அவகாசம் கிடைக்கும்வரை ஏற்றுக்கொண்டதாகாது என்ற 41-ஆம் பிரிவே விடை சொல்லிவிடுகிறது. அதே சமயத்தில், மூட்டை வந்து வெகுநாள் வாய் திறவாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் என்று 42-ஆம் பிரிவு சொல்வதையும் வாங்குகிறவர் மறக்கக் கூடாது. மூட்டை இறங்கிய அன்றே அட்டையைப் படிப்பது அவர் பங்குக்குரிய வேலை.

மன்னிப்பு வேண்டாமென்போர் கவனியாத மற்றொன்றும் உண்டு. என் அபிப்பிராயத்தில் இதுவே எல்லாவற்றிலும் கனமானது. தவறு எப்படி நேர்ந்தது என்று விசாரிக்காமல் மாற்று மூட்டையை அனுப்பினால், இரண்டாம் தடவையும் அதே தவறு நேரலாம். கடையில் இத்தகைய பிசகு மூன்று வழிகளில் நேர்கிறது. பக்கத்து அடுக்கிலிருந்து கை தவறி எடுத்தது ஒன்று; அன்று கணக்கெடுத்தால் கோ 51-இல் ஒரு மூட்டை கூடுதலாகவும் கோ 52-இல் ஒரு மூட்டை குறைவாகவும் இருக்கும். இரண்டு ஊர்களுக்குப் போக வேண்டிய மூட்டைகளின் விலாசச் சீட்டுகள் ஒன்றுக்கொன்று மாறி ஒட்டப்பட்டது மற்றொன்று. அப்போது இருப்புக் கணக்கு பிசகில்லாமல் சரியாகவே நிற்கும். மூட்டைகள் கடைக்கு வந்திறங்கிய அன்றே அடுக்கை மாற்றி வைத்தது மூன்றாவது; அங்கே ஒருவருக்கு மட்டுமன்றி அந்த அடுக்கிலிருந்து போன அனைவருக்குமே தவறாகப் போயிருக்கும், மாற்றாக அதே அடுக்கிலிருந்து எடுப்பதும் தவறாகவே போகும். எண்ணிப் பார்க்க அரைமணி நேரம் போதும். ‘அடுக்கில் பார்த்து எடுத்தோம்’ என்று பேசுவதைவிட்டு மூட்டையின் அட்டையைப் படித்து எடுத்தால் மூன்றாவது பிசகு இரண்டாம் தடவை நேராது.

இவற்றுக்கும் அப்பாற்பட்ட ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். அட்டையில் கோ 52 என்றிருந்து உள்ளேயும் கோ 52 இருந்தால் அது கடையின் பிசகு. மாற்றிக் கொடுப்பதோடு தீர்ந்துபோகும். அட்டையில் கோ 51 என்றிருந்து உள்ளே வேறு ரகம் இருந்தால் அது விதையை உற்பத்தி செய்து மூட்டை கட்டிய இடத்திலேயே நேர்ந்தது. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் கவலைப்படுவது இதைப்பற்றித்தான். அதைக் கதிர் வெளிவரும்வரை உழவர் அறிய வழியில்லை. பக்கத்து வயல் பூத்துவிட்ட பின்பும் தம் பயிர் தண்டு உருளாமல் நிற்பதும், ஒரே வயலில் உயரமும் கதிர் வெளிப்படும் நாளும் கலந்து கிடப்பதும்தான் அடையாளம். அந்நிலையில் மாற்று மூட்டையும் இலவச வண்டியும் கேலிப் பொருளாகிவிடும். விதை ஆய்வாளரை வரவழைத்து நின்ற பயிரைப் பதிவு செய்யச் சொல்வதும், ரசீதையும் அட்டையையும் பத்திரப்படுத்துவதும்தான் செய்யத்தக்கது. நிலத்தில் இறங்கிவிட்ட விதைக்குச் சட்டம் தரும் பரிகாரம் நஷ்ட ஈடு. ஏற்றுக்கொண்டபின் நிபந்தனை மீறலை உத்தரவாத மீறலாகக் கொண்டு ஈடு கேட்க 13, 59 ஆகிய பிரிவுகள் வழிவிடுகின்றன. இந்த இடத்தில்தான் சில கடைக்காரர்கள் சாமர்த்தியமாக, ‘மாற்று மூட்டை பெற்றுக்கொண்டேன், இனி எவ்வித கோரிக்கையும் இல்லை’ என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள். மாற்று மூட்டை பெற்ற சீட்டில் பெற்ற மூட்டையின் விவரத்துக்கு மேல் ஒரு வரிகூட இருக்க வேண்டியதில்லை; அதற்கு மேல் எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம்.

விலாசச் சீட்டு மாறிய வகையில் மறுபக்கத்திலும் ஓர் உழவர் இருக்கிறார் என்பதைக் கடைக்காரர் நினைவில் வைக்க வேண்டும். கோ 52 கேட்டுவிட்டு, இவருடைய கோ 51 மூட்டையை வாங்கி வைத்திருக்கும் அவருக்கு ஒருகால் இன்னும் ஒன்றும் தெரியாது. நீளமான பருவத்தை உத்தேசித்து ஹெக்டேருக்கு 40 கிலோ என்ற கணக்கில் விதை அளந்திருப்பார். குறுகிய கால ரகத்துக்கு அது போதாது. குடுமியான்மலைக்காரர் அட்டையைப் படித்துப் புகார் சொன்ன அதே மணி நேரத்தில், அன்று அனுப்பிய மூட்டைகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கோ 52 கேட்டவர் ஒவ்வொருவரையும் அழைத்து, விதையைத் தொட்டியில் போட்டுவிட்டீர்களா என்று கடைக்காரர் கேட்க வேண்டும்; அதற்கு அவருக்கு இரண்டு நாட்களுக்கு மேல் அவகாசம் இல்லை.